புதுப்பிப்பு: பாஸ்புக்கில் பிடித்த 17.70, 236, 88.50 எதற்கு?

என் கேள்வி: “சேமிப்புக் கணக்கில் மூன்று தொகை பிடித்திருக்கிறார்கள், எதற்கு?”

எல்லோருக்கும் நன்றி. தொகையை 1.18-ஆல் வகுத்துக் கட்டணப் பட்டியலில் தேடச் சொன்ன ஐயாவின் யோசனைதான் பலித்தது. வங்கியின் பட்டியலில் 18% ஜிஎஸ்டி சேர்க்காத தொகைதான் இருக்கிறது. 236 என்பது 200, டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம். 88.50 என்பது 75, செக் புத்தகம். ஆண்டுக்கு 25 தாள்தான் இலவசமாம். அது அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது. நான் மார்ச்சிலேயே இரண்டாவது புத்தகம் கேட்டுவிட்டேன்.

17.70 என்பது 15, காலாண்டு எஸ்எம்எஸ் கட்டணம். ‘எஸ்எம்எஸ் இலவசம்’ என்றவர் சொன்னது பாதி சரி. இலவசம் இல்லை, ஆனால் பயன்பாட்டுக்கு ஏற்பத்தான் வசூலிக்கச் சொல்லி 2013-இல் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. எனக்கு வந்ததோ நான்கே எஸ்எம்எஸ்! எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. குறைந்தபட்ச இருப்பு அபராதம் பற்றிக் கேட்ட தம்பி, அது பட்டியலில் தனிப் பக்கம்.