சிங்க் லைசென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனுப்பியவர்: பென்னாகரம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். வீடியோ எடிட்டிங் பயிற்சிக் கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

வந்த வினை இதுதான். ஒகேனக்கல் பரிசல் பற்றி 6 நிமிடப் படம். நடுவில் 3 நிமிடம் 10 நொடிக்கு ஒரு புல்லாங்குழல் இசை. அதை எடுத்த பக்கத்தில் CC BY-ND 4.0 என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தது. நம் பழைய கையேட்டில் ND என்பதற்கு "மாற்றம் செய்யக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறோம். எடிட் செய்த பையன் அதை நம்பி, இசையை ஒரு நொடிகூட வெட்டவில்லை, வேகம் மாற்றவில்லை, ஆக்கியவர் பெயரையும் விவரப் பகுதியில் போட்டுவிட்டான். பொதுச் சேனலிலும் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் உரிமம் மீறியதாகத்தான் ஆகிறது. இசையை ஓடும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது புதிய வழிப்படைப்பு என்று அந்த உரிமத்தின் சட்ட வாசகமே சொல்கிறது.

அந்தச் சேர்த்தலுக்கு ஆங்கிலத்தில் சிங்க் என்கிறார்கள். தமிழில் ஒரு சொல் இருந்தால், "இந்த உரிமத்தில் அது கிடையாது" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். "ஒத்திசைவு உரிமம்" சரியா?

---

அனுப்பியவர்: தகடூரான்

டீச்சர், ஒத்திசைவு வேண்டாம். போனில் காண்டாக்ட்ஸ் சேமிப்பதற்கும் அதே சொல்தான் வருகிறது. படிக்கிறவன் கூகுள் கணக்கைத் தேடிப் போய்விடுவான்.

இன்னொன்று. அந்தப் பையன் செய்ததில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. நேரம் பொருத்துவது என்றால் தாளத்துக்குத் தாளம் காட்சியை வெட்டுவது. ஆற்றில் பரிசல் போகும்போது பின்னால் குழல் ஓடிக்கொண்டிருந்தால் அதில் என்ன பொருத்தம்? அது வெறும் பிஜிஎம். பெயரும் போட்டாயிற்று, பணமும் வாங்கவில்லை. CC என்றாலே பெயர் போட்டுப் பயன்படுத்தலாம் என்பதுதானே.

---

அனுப்பியவர்: ஓசூர் வக்கீல்

> தாளத்துக்குத் தாளம் காட்சியை வெட்டுவது

இல்லை தகடூரான். தாளத்துக்கு வெட்டினீர்களா என்பதே கேள்வி இல்லை. டைம்லைனில் இசையை வைத்து எக்ஸ்போர்ட் செய்த நிமிடமே, 1:20-இல் பரிசல் சுழலும்போது குழலின் எந்த இடம் கேட்கும் என்பது கோப்பில் நிலைத்துவிட்டது. யார் எப்போது பார்த்தாலும் அதே இடம்தான். நேரப் பொருத்தம் என்பது இவ்வளவுதான். படம் ஒரு பக்கம் ஓட, பக்கத்து அறையில் ரேடியோ பாடினால் அது சேர்த்தல் ஆகாது.

"பெயர் போட்டால் போதும்" என்பது BY மட்டும் உள்ள உரிமத்துக்குச் சரி. அங்கே நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ND வந்துவிட்டால் கதை வேறு. 4.0-இல் ஒரு நுணுக்கம் உண்டு: வழிப்படைப்பை ஆக்கலாம், பொதுவில் பகிரத்தான் கூடாது. அந்தப் பையன் படத்தை எடிட் செய்து தன் கணினியில் போட்டுப் பார்த்தது வரை மீறல் இல்லை. பப்ளிக் என்று மாற்றி வெளியிட்ட இடத்தில்தான் மீறல். 3.0-இலும் இசையைப் படத்தோடு சேர்த்தால் வழிப்படைப்பு என்ற வாசகம் இருக்கிறது, ஆகவே பழைய உரிமம் என்று தப்பிக்க முடியாது.

நம் சட்டமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14(a)(iv) பிரிவில், ஒரு இசைப் படைப்பை வைத்துத் திரைப்படமோ ஒலிப்பதிவோ ஆக்கும் உரிமை அதன் உடைமையாளருக்கே. அங்கே "திரைப்படம்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். காட்சிப் பதிவு எதுவானாலும் அதில் அடங்கும், செல்போனில் எடுத்ததும்தான்.

சொல்லைத் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஒரு பாட்டில் மெட்டு ஒருவருடையது, அதைப் பாடிப் பதிந்த பதிவு இன்னொருவருடையது. படத்தில் சேர்க்க இரண்டு பேரிடமும் அனுமதி வேண்டும். சிங்க் என்று தனியாகச் சொல்வது மெட்டுக்கு. பதிவுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சொல் இரண்டுக்கும் முன்னொட்டு போட்டுக்கொள்ள இடம் தர வேண்டும்.

---

அனுப்பியவர்: அரூர் ஸ்டுடியோ

ஐயா வணக்கம். சொல் எதுவானாலும் வைங்க, எனக்கு ஒரு விஷயம் தெரியணும். கல்யாண வீடியோ ஒன்னு சேனல்ல போட்டேன். நாதஸ்வரத்துல ஒரு சினிமா பாட்டு வாசிச்சாங்க, என் மைக்ல நானே பதிஞ்சது. அதுக்கு கிளைம் வந்திருக்கு. வேற யாரோட பதிவையும் நான் எடுக்கலையே? கல்யாணத்துல பாட்டு போட்டா சட்டத்துல விலக்கு இருக்குன்னும் சொல்றாங்க. மூணு கிளைம் ஆனா சேனலே போயிடுமா?

---

அனுப்பியவர்: ஓசூர் வக்கீல்

அரூர் அண்ணா, இங்கே பேச்சு கலைச்சொல்லைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்வி நான் மேலே சொன்னதற்கே நல்ல எடுத்துக்காட்டு. பதிவு உங்களுடையது, மெட்டு உங்களுடையது இல்லை. யூடியூபின் கண்டெண்ட் ஐடி பதிவை மட்டும் ஒப்பிடுவதில்லை, மெட்டையும் பிடித்துவிடும்.

விலக்கு உண்மைதான். 52(1)(za), திருமண ஊர்வலமும் அதோடு சேர்ந்த விழாக்களும் அதில் வரும். ஆனால் அது மண்டபத்தில் வாசிப்பதற்கு. அந்த வாசிப்பைப் படமாக்கிச் சேனலில் நிரந்தரமாக வைப்பதற்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் கேட்டு யூடியூப் படத்தையே நீக்கும்போது வருவது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று என்ற கணக்கு ஸ்ட்ரைக்குக்கு. கிளைம் வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், சில சமயம் சில நாடுகளில் படம் தடைபடும். மறுப்பு போட்டால் அவர்கள் பதில் சொல்ல 30 நாள். உங்களிடம் மெட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் மறுப்பு போடாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோ பக்கத்திலேயே அந்தப் பகுதியை வெட்டவோ, பாட்டை மட்டும் ஊமையாக்கவோ வழி இருக்கிறது. அதைச் செய்தால் கிளைம் விலகும்.

---

அனுப்பியவர்: ஊத்தங்கரைப் புலவர்

அன்பர்களுக்கு. முதலில் ஒரு வேண்டுகோள்: இந்தக் கையேட்டில் எங்கும் "காப்புரிமை" என்று எழுத வேண்டா. அது பேட்டன்டுக்கு. இங்கே பதிப்புரிமை.

டீச்சர் எழுதிய "வழிப்படைப்பு" எனக்குப் பிடித்தது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரித்த பிரிவுக்கு நேராக வருகிறது. ND-க்கு "வழிப்படைப்பு கூடாது" என்றே போடுங்கள். "மாற்றம் கூடாது" என்ற பெயர்ப்புதான் அந்தப் பையனைக் குழியில் தள்ளியது. ஒரு எழுத்தும் மாற்றாமல் முதல்நூலை எடுத்து வேறொன்றில் கோத்தாலும் உண்டாவது புது நூல்தானே.

சிங்குக்கு என் பரிந்துரை "காட்சியிசைவு". இசைவு என்றால் பொருந்துவது, இசைவு என்றால் சம்மதம், உள்ளே இசையும் இருக்கிறது. ஒரு சொல்லில் மூன்று கனி.

---

அனுப்பியவர்: தகடூரான்

புலவர் ஐயா, மூன்று கனியும் ஒரே சமயத்தில் வாயில் வருவதுதான் சிக்கல். "காட்சியிசைவு உரிமம் பெற்றீர்களா" என்றால் படத்தில் நடித்தவர்களிடம் சம்மதம் வாங்கினாயா என்று கேட்பது போலக் காதில் விழுகிறது. அதுவும் தனியாக வாங்க வேண்டிய ஒன்றுதான், ஆனால் வேறு.

வக்கீல் சொன்ன நேரக் கணக்கு இப்போது புரிகிறது, என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் பக்கம் எடிட்டர்கள் "பாட்டு ஏத்தறது" என்பார்கள். "இசையேற்றம்" என்று வைக்கலாமே?

---

அனுப்பியவர்: பென்னாகரம் டீச்சர்

பதிவேற்றம் என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. இசையேற்றம் என்றால் பாட்டை அப்லோடு செய்வது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "படஇணைப்பு" யோசித்தேன். மின்னஞ்சலில் படம் இணைத்தது போல ஆகிவிடுகிறது. "காட்சிக்கோர்ப்பு"?

---

அனுப்பியவர்: ஊத்தங்கரைப் புலவர்

கோர்ப்பு பிழை. கோத்தல், கோப்பு. "காட்சிக்கோப்பு" என்று திருத்தினால் வீடியோ ஃபைல் ஆகிவிடும். (நானே எழுதிப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.)

---

அனுப்பியவர்: ஓசூர் வக்கீல்

"காட்சிப்பிணைப்பு" என்று வையுங்கள். பிணைத்தால் பிரித்தெடுக்க முடியாது என்பது உள்ளே இருக்கிறது. மெட்டுப் பிணைப்பு, பதிவுப் பிணைப்பு என்று இரண்டாகவும் பிரியும். ஜாமீன் வாடை கொஞ்சம் அடிக்கிறது, என் தொழிலுக்கு அது பழக்கம்.

கையேட்டுக்கு வேறு உரிமங்களையும் இதே சொல்லால் எழுதிவிடலாம். BY: காட்சிப்பிணைப்பு உண்டு, பெயரும் உரிமத்தின் சுட்டியும் போட வேண்டும், இசையை வெட்டியிருந்தால் வெட்டியதாகவும் சொல்ல வேண்டும். BY-SA: உண்டு, ஆனால் முழுப் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வணிகப் பயன் கூடாது என்ற NC சேர்ந்தால் விளம்பரம் ஓடும் சேனலுக்கு எடுக்காதீர்கள். ND சேர்ந்தால் பொதுவில் காட்சிப்பிணைப்பு இல்லை. "ராயல்டி ஃப்ரீ" என்று போட்டிருந்தால் இலவசம் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை வாங்கினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித் தொகை இல்லை என்பதே அதன் பொருள். எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது அந்தந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

---

அனுப்பியவர்: பென்னாகரம் டீச்சர்

காட்சிப்பிணைப்பு எழுதிக்கொண்டேன். புலவர் ஐயா இன்னும் இசைவை விடவில்லை என்று தெரியும், அடிக்குறிப்பில் வைக்கிறேன்.

பரிசல் படத்தை இப்படிச் சரிசெய்கிறோம். எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பு அழியாமல் இருக்கிறது. அருவி இரைச்சல் A1, பரிசல்காரர் பேச்சு A2, குழல் A3 என்று தனித்தனித் தடத்தில் இருப்பதால் A3-ஐ மட்டும் எடுத்துவிடலாம். வெறும் MP4 மட்டும் இருந்திருந்தால் பேச்சோடு குழலும் கலந்து போயிருக்கும். யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேறொரு குழல் எடுக்கிறோம். அங்கே சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டியதில்லை, சில CC BY 4.0. நாங்கள் எடுப்பது CC BY என்பதால் அவர்கள் தரும் வரிகளை அப்படியே விவரப் பகுதியில் ஒட்டி, "3:10-க்கு வெட்டப்பட்டது" என்று சேர்க்கிறோம். ஏற்றிய படத்தின் கோப்பை அதே சுட்டியில் மாற்ற முடியாது. அதனால் பழையதை இன்றே பிரைவேட் ஆக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுகிறோம். 214 பார்வை போகிறது, போகட்டும்.

ஒரு சந்தேகம் வக்கீல் ஐயா. BY-SA இசை போட்டால் முழுப் படமும் BY-SA ஆக வேண்டும் என்கிறீர்கள். யூடியூபின் உரிமப் பெட்டியில் ஸ்டாண்டர்டு, CC BY என இரண்டுதான் இருக்கின்றன. எதைத் தேர்வது?

---

அனுப்பியவர்: ஓசூர் வக்கீல்

CC BY-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது இசையை ஆக்கியவர் கொடுக்காத உரிமையைக் கொடுத்ததாகிவிடும். பலர் ஸ்டாண்டர்டில் விட்டுவிட்டு, இந்தப் படம் CC BY-SA 4.0 என்று விவரப் பகுதியில் எழுதுகிறார்கள். பெட்டி ஒன்று சொல்ல, விவரம் வேறு சொல்கிறதே என்று ஒருவர் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. உங்கள் கையேட்டில் BY-SA இசையைத் தவிர்க்கச் சொல்வதே எளிது.

---

அனுப்பியவர்: அரூர் ஸ்டுடியோ

பாட்டை ஊமையாக்கினேன், கிளைம் போயிடுச்சு. ஆனா அந்த இடத்துல தாலி கட்டும்போது சத்தமே இல்லை, பொண்ணு வீட்டுக்காரங்க போன் போட்டுட்டாங்க. கெட்டிமேளத்தை மட்டும் திரும்ப வெச்சா அதுக்கும் மெட்டு உரிமை வருமா?

அப்புறம், ஒரே ஒரு போட்டோவை நிறுத்தி வெச்சு அதுக்குப் பின்னாடி பாட்டு ஓடுனா, அது ஓடும் படமா, காட்சிப்பிணைப்பா?

---

அனுப்பியவர்: ஓசூர் வக்கீல்

கெட்டிமேளம் வழிவழி வந்த வாசிப்பு, அதற்கு மெட்டுக்காரர் யாரும் இல்லை. உங்கள் மைக்கில் பதிந்ததைத் தாராளமாக வையுங்கள். ஆனால் ஊமையாக்கிய படத்தில் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் மூலக் கோப்பில் சினிமா மெட்டு வரும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். வாசித்தவர்களிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு.

ஒற்றை போட்டோவுக்கு உரிம வாசகம் "அசையும் படம்" என்கிறது. போட்டோ அசையவில்லை. ஆனால் பத்து போட்டோவை மாற்றி மாற்றி ஓட்டினால்? எங்கே கோடு போடுவது என்று இந்தக் குழுவில் வேறு யாருக்காவது கருத்து இருந்தால் எழுதுங்கள்.