ஆடியில கையில காசு இல்லை, ஆவணிக்கு 5 புக்கிங் இருக்குது. தண்டல் வாங்கலாமுங்களா?

கரண்டிக்காரன்
அவசரமுங்க. ஆவணிக்கு 5 புக்கிங், அட்வான்ஸ் எல்லாம் வாங்கியாச்சு, அது செலவும் ஆயிடுச்சு. வண்டி டியூ, குடோன் வாடகை நிக்குது. தண்டல்காரர் 1 லட்சம் தர்றேங்கறார். வாங்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க.

நொய்யல்கரை
என்ன தொழில்னே சொல்லலீங்களே. பந்தலா, மேளமா, சமையலா? அட்வான்ஸ் எவ்வளவு? முதல் முகூர்த்தம் எப்போ?

சீர்மண்டபம்
பாதி வாடகை முதல்லயே வாங்கிடுங்க. ஜெனரேட்டர் டீசலை தனியா எழுதுங்க. தேதி மாத்துனா பராமரிப்புக்குன்னு ஒரு தொகை பிடிச்சுக்கலாம். ஆடியில வெள்ளையடிக்கற வேலையை வெச்சுக்காதீங்க, பணம் முடங்கிடும்.

நொய்யல்கரை
அண்ணா, அவர் மண்டபம்னு எங்கயும் சொல்லலை.

ஐப்பசிமழை
இந்தக் கேள்வி வருஷத்துக்கு மூணு தடவை வரும். ஆடி, புரட்டாசி, மார்கழி. பஞ்சாங்கத்துல எப்பவும் அதே மாசந்தான் நிக்குது, ஆனா ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் அதிர்ச்சியா இருக்குது. நோட்டு போட்டு கணக்கு எழுதாதவங்க கரண்டி பிடிக்கலாம், தொழில் பண்ண முடியாது.

கரண்டிக்காரன்
சமையலுங்க, சைவம் மட்டும். சாமான் நம்மளுது. ஒரு விசேஷத்துக்கு காலை டிபன் 400 இலை 120 ரூபா, மதியம் 600 இலை 170 ரூபா. அட்வான்ஸ் விசேஷத்துக்கு 25,000. முதல் முகூர்த்தம் இன்னும் 19 நாள், வியாழக்கிழமை. அன்னைக்கே ரெண்டு வீடு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, அடுத்த வாரம் ரெண்டு.

கூடுதுறை
இப்ப பேசலாம். ஒரு விசேஷத்துக்கு பில் 1,50,000. செலவையும் பிரிச்சு சொல்லுங்க. மளிகை எவ்வளவு, அதுல கடனுக்கு எவ்வளவு? காய், பால், தயிர், இலை எவ்வளவு? ஆள் கூலி எவ்வளவு? மிச்சப் பணம் எப்ப கைக்கு வரும்?

கரண்டிக்காரன்
மளிகை 45,000, கடைக்காரர் 15 நாள் தாங்குவார். காய், பால், இலை 30,000 ரொக்கம். ஆள் 30,000, அன்னைக்கே குடுக்கணும். கேஸ், வண்டி 15,000. மிச்சப் பணம் மொய் எண்ணி முடிச்ச பொறவு, சாயங்காலம்.

பச்சமலை
கூட்டுறவு சங்கத்துல நகையை வெச்சு 2 லட்சம் வாங்குங்க. பிரச்சனை முடிஞ்சுது.

கூடுதுறை
நகைக்கடன் தப்பில்லை, அளவுதான் தப்பு. தண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். 1 லட்சத்துக்கு 85,000 கையில, 100 நாள் தினம் 1,000, அதுதான வழக்கம்? வாங்குன மறுநாளே கட்ட ஆரம்பிச்சு கடன் குறைஞ்சுட்டே வர்றதால, கணக்குப் பார்த்தா நூத்துக்கு மாசம் 10 ரூபா வட்டி கிட்ட வருது. அதைவிட மோசம், உங்களுக்கு வரவு வர இன்னும் 19 நாள் இருக்குது. அதுக்குள்ள 19,000 எங்கிருந்து கட்டுவீங்க? வாங்குன காசுலயே தான் கட்டணும்.

உங்களுக்குப் பணம் துண்டு விழறது ஒரே ஒரு நாள்தானுங்க, அந்த வியாழக்கிழமை. மளிகை கடன் போக ஒரு விசேஷத்துக்கு ரொக்கம் 75,000, ரெண்டுக்கு 1,50,000. அன்னைக்கு சாயங்காலம் மிச்சம் 1,25,000 வீதம் 2,50,000 வந்துடும். அதுல முன்னாடி போட்டதை எடுத்துட்டா 1 லட்சம் நிக்கும். ஞாயித்துக்கிழமைக்கு வேண்டிய 75,000 அதுலயே வந்துடும். அடுத்த வார ரெண்டுக்கு ஞாயித்துக்கிழமை வரவும் சேரும். நடுவுல மளிகைக் கடைக்கு தவணை வருது, அதை மறந்துடாதீங்க.

ஆகவே வியாழக்கிழமை வீட்டுக்காரங்களைத்தான் பிடிக்கணும். இலைக்கணக்கை உறுதி பண்ண 10 நாளைக்கு முன்னாடி எப்படியும் போவீங்க. பட்டியலை எழுதி கையில குடுத்துட்டு, 'சாமான் எடுக்கறதுக்கு 75,000 வேணுமுங்க' னு அங்கயே கேளுங்க. கடன் கேக்கற மாதிரி இழுக்காதீங்க. இலைக்கணக்கு, பட்டியல், பணம் மூணும் ஒரே பேச்சுல முடியணும்.

ஐப்பசிமழை
பேசும்போது ஒத்துக்காதது, மொய் எண்ணும்போது மட்டும் ஒத்துக்குவாங்களாக்கும்.

கூடுதுறை
ஒத்துக்காத வீட்டுக்கு வேற வழி: பட்டியல் நம்மளுது, சாமான் வீட்டுக்காரங்களே வாங்கட்டும். அப்ப உங்க ரொக்கத் தேவை ஆள், கேஸ், வண்டின்னு 45,000தான். ஆனா கூலியைத் திருப்பிப் பேசணும், 30,000 லாபம் ஏறக்குறைய பாதியா இறங்கும். வீட்டுல வாங்குன பருப்பு தரமில்லைன்னா பேரு நமக்குத்தான் கெடும். ஒரு வீட்டுக்கு மேல இப்படிப் போகாதீங்க.

காவேரிக்கரை
ஆடிவெள்ளிக்கு கோயில் அன்னதானம் எடுத்தா இந்தக் கஷ்டமே இல்லையே? அந்தியூர் குருநாதசாமி திருவிழா ஆடியிலதான நடக்குது.

பச்சமலை
அன்னதானத்துல அரிசி, பருப்பு எல்லாம் உபயமா வந்துடும், நமக்கு கூலி மட்டும். கமிட்டி கணக்கு முடிச்சு கையில குடுக்க மாசம் ஆகும்.

காவேரிக்கரை
எல்லாக் கமிட்டியும் அப்படியில்லீங்க. பாதிப்பணம் முன்னாடி வாங்காம இறங்குனது யார் தப்பு?

பச்சமலை
சாமி காரியத்துல முன்பணம் கேட்டா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா.

நொய்யல்கரை
நீங்க ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கங்க. என்ற சந்தேகம் ஒண்ணு. துக்கம் ஆகி கல்யாணம் தள்ளிப்போனா அட்வான்ஸைத் திருப்பணுமா?

காவேரிக்கரை
துக்க வீட்டுல காசைப் பிடிக்கறது நல்லா இருக்காதுங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு ஏத்திக்கணும்.

ஐப்பசிமழை
ஏத்திக்கலாம், ஆனா பழைய விலைக்கு இல்லை. ரசீதுல 'விலை அன்றைய மளிகை விலைப்படி' னு ஒரு வரி இருக்கணும். ரசீதே குடுக்காதவங்ககிட்ட இதைச் சொல்லி என்ன.

கூடுதுறை
அதுல ஊருக்கு ஒரு வழக்கம். கேள்விக்கு வர்றேன். அட்வான்ஸ் உங்க காசு இல்லைங்க, வீட்டுக்காரங்க குடுத்து வெச்ச காசு. தனி சேமிப்புக் கணக்குல போட்டு, அந்த விசேஷத்துக்கு மட்டும் எடுங்க. ஒரு தேதியின் அட்வான்ஸ் அடுத்த தேதிக்குப் போக ஆரம்பிச்சா, ஒரே நாள்ல ரெண்டு வீடு வர்றப்பதான் வெளிய தெரியும்.

டல் மாசத்துக்கு எவ்வளவு வேணும்னும் பாருங்க. டியூ, வாடகை, நிரந்தர ஆள் சம்பளம், வீட்டுச் செலவு மாசம் எவ்வளவு? வருஷத்துக்கு எத்தனை விசேஷம்?

கரண்டிக்காரன்
டியூ 17,000, வாடகை 6,000, ரெண்டு மாஸ்டருக்கு 24,000, வீட்டுக்கு 20,000. விசேஷம் 40.

கூடுதுறை
மாசம் 67,000, மூணு மாசத்துக்கு 2,01,000. 40 ஆல வகுத்தா விசேஷத்துக்கு ஏறக்குறைய 5,000. உங்களுக்கு டிபனும் சாப்பாடும் சேர்த்து 1,000 இலை, ஆக இலைக்கு 5 ரூபா. மிச்சப் பணம் கைக்கு வந்த சாயங்காலமே அந்த 5,000 டல் மாசத்துக்குன்னு வேற ஒரு கணக்குக்குப் போயிடணும். 'பொறவு பார்த்துக்கலாம்' னா போகாது.

தாராபுரம்தணிக்கை
40 விசேஷம், ஒண்ணுக்கு 1,50,000ன்னா வருஷம் 60 லட்சம். சேவைக்கு 20 லட்சம் தாண்டுனாலே ஜிஎஸ்டி பதிவு வேணும். சேவைக்கு அட்வான்ஸ் வாங்குன மாசத்துலயே வரி வந்துடும், விசேஷம் நடக்கற வரைக்கும் காத்திருக்காது. 25,000ல 5 சதவீதம் உள்ளடக்கம்னா 1,190 ரூபா வரி. பதிவு இருக்குதுங்களா?

ஐப்பசிமழை
பதில் வராது பாருங்க.

கரண்டிக்காரன்
9 நாள் கழிச்சு வர்றேனுங்க. ஒரு வீட்டுல 75,000 குடுத்துட்டாங்க. இன்னொரு வீடு சாமானை அவங்களே வாங்கறாங்களாம், கூலி 62,000க்கு முடிஞ்சுது. அந்த 45,000த்துக்கும் டியூ, வாடகைக்கும் சேர்த்து 70,000க்கு நகையை வெச்சேன். தண்டல் வாங்கலை. கூடுதுறை அண்ணாவுக்கு நன்றி, வேலை இருக்குது, வர்றேன்.

தாராபுரம்தணிக்கை
பதிவு இருக்குதுங்களான்னு கேட்டனே?