புதுப்பிப்பு: அத்தையின் வாய்ஸ் நோட்

முன்பு கேட்டது: “அத்தையின் மீன் குழம்பு வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கினேன். ஒரே சுற்றல். திருத்தி எழுதினால் அத்தையைக் காணோம். என்ன செய்யலாம்?”

ஒருவழியாக எழுதிவிட்டேன். ‘வந்து’, ‘கேளு’ எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார் ஒருவர். பாதி சரி. தயக்கத்தில் வரும் ‘வந்து’ போகலாம். ஆனால் அத்தை ‘கேளு’ என்றால் அடுத்து கிண்டல் வரும், அது இருக்கட்டும். பேட்டிகள் எழுதும் அக்கா சொன்னதுதான் உதவியது: செய்முறையை எழுத்துத் தமிழில் சுருக்கு, கிண்டலை அவர் பேச்சிலேயே விடு, சிரிப்பு வரும் சொல்லைக் கடைசியில் வை.

முன்பு: “புளி கரைச்சு... தட்டோட நிப்பாரு உங்க மாமா, அதான் கொதிக்கும்போது, வாசத்துக்கு, கேளு, அடுப்பே பத்த வைக்கலன்னாலும் நிப்பாரு, பச்சை வாசம் போகணும்...”

இப்போது: “புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசம் போகும்வரை கொதிக்கவிடு. வாசம் வந்தா உங்க மாமா தட்டோட நிப்பாரு. கேளு, அடுப்பே பத்த வைக்கலன்னாலும் நிப்பாரு.”

அத்தை மகளிடம் சத்தமாகப் படித்தேன். மாமா வரியில் சிரித்தாள். ஆனால் புளிக்கு நடுவே மாமா நுழைவதுதான் தன் அம்மாவின் பேச்சு என்கிறாள். அந்த வரிசையை மாற்றியது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.