வளர்ச்சித் தட்டில் முறிவு: பிளாஸ்டர் கழற்றிய பிறகும் ஏன் எக்ஸ்ரே?

வெள்ளவத்தை அம்மா
மகனுக்கு 12 வயது. ஃபுட்போல் விளையாடும்போது விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டில் முறிவு. டைப் 2 என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து நேராக்கி, கம்பி குத்தி, பிளாஸ்டர் போட்டார்கள். இப்போது எல்லாம் கழற்றியாகிவிட்டது, பிள்ளை ஓடித் திரிகிறான். ஆனாலும் ஆறு மாதம் முடிய இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு கட்டாயம் வரச் சொல்கிறார் டொக்டர். பொருந்தின எலும்பில் இன்னும் என்ன பார்க்க இருக்கிறது? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தெஹிவளை அப்பா
பயப்படாதீங்க அக்கா. என் மகளுக்கு ஐந்து வயதில் தொடை எலும்பு முறிந்தது. பிறகு அளந்தால் அந்தக் கால் மற்றதைவிட ஒரு சென்றிமீற்றர் அளவு நீளம். முறிந்த இடத்துக்கு இரத்தம் கூட ஓடுவதால் எலும்பு வேகமாக வளருமாம். குறையாது, கூடத்தான் செய்யும்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன்
தம்பி சொல்வது அவர் மகளுக்குச் சரி. அது எலும்பின் நடுத்தண்டில் வந்த முறிவு. தட்டு அப்படியே இருந்தது, இரத்தம் கூடினதும் அது கொஞ்சம் வேகமாக வேலை செய்தது. இங்கே அடிபட்டது தட்டே.

அந்தத் தட்டு கசியிழையம். சுண்ணாம்பு இல்லாததால் எக்ஸ்ரேயில் கறுப்பு இடைவெளியாகத் தெரியும். மூட்டுப் பக்கம் விதைநெல் மாதிரிக் கொஞ்சக் கலங்கள் இருக்கும். அவற்றிலிருந்து பிரிகிற கலங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, தண்டுப் பக்கம் போகப் போக ஊதிப் பெருக்கும். கால் நீளுவதில் பெரும்பங்கு இந்த ஊதலில்தான். பிறகு சுற்றிலும் சுண்ணாம்பு படியும், தண்டுப் பக்கமிருந்து இரத்தக்குழாய் நுழையும், அந்தச் சுண்ணாம்புச் சட்டத்தின் மேல் எலும்பு படியும்.

ஊதின கலங்கள் உள்ள இடம்தான் பலவீனம். முறிவு வழக்கமாக அதன் வழியே போகும், மூட்டுப் பக்கத்துக் கலங்கள் தப்பிவிடும். அதனால்தான் மணிக்கட்டில் டைப் 2 வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தொடை எலும்பின் கீழ்த்தட்டு அப்படி இல்லை. அது தட்டையாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும். வெடிப்பு மேடுகளை அறுத்துக்கொண்டு போய் அந்தக் கலங்களையும் நசுக்கலாம். நசுங்கின இடத்தில் இரு பக்கத்து எலும்பும் ஒட்டிப் பாலம் போட்டுவிட்டால் அங்கே வளர்ச்சி நின்றுவிடும். பிள்ளைக்கு வலியே இராது.

தெஹிவளை அப்பா
சரி அண்ணா, தண்டு வேறு, தட்டு வேறு என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆனால் பாலம் போட்டால் எக்ஸ்ரேயில் உடனே தெரியாதா?

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன்
உடனே தெரியாது. அடிபட்ட நேரம் வளர்ச்சி மெதுவாகி, பிறகு திரும்பத் தொடங்கும்போது எலும்பில் ஒரு வெள்ளைக் கோடு விழும். ஹரிஸ் கோடு என்போம். தட்டு வளர வளர அந்தக் கோடு தட்டிலிருந்து விலகும். சமாந்தரமாக விலகினால் நல்லது. ஒரு பக்கம் விலகி மறுபக்கம் தட்டோடு போய் ஒட்டிச் சரிந்தால், ஒட்டின பக்கத்தில் பாலம். இதைப் பார்க்கத்தான் அந்த ஆறு மாதம்.

கொட்டாஞ்சேனை அம்மா
எங்களுக்கு அதுதான் நடந்தது. மகளுக்கு அப்போது 11. கோடு வெளிப்பக்கம் சரிந்திருந்தது, முழங்கால் உள்ளே வளையத் தொடங்கியிருந்தது. எம்ஆர்ஐ எடுத்தபோது தட்டில் பாதிக்கு மேல் பாலம். டொக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்: அந்தத் தட்டு வருடம் ஒரு சென்றிமீற்றர் அளவு வளரும், பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயதோடு நின்றுவிடும், ஆகவே மூன்று சென்றிமீற்றர் வித்தியாசம் வரலாம். இரண்டு காலிலும் அந்தத் தட்டுகளை நிறுத்திவிட்டார்கள். கால்கள் சமம், உயரத்தில் கொஞ்சம் போய்விட்டது. பாலம் பாதியைவிடக் குறைவாக இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கொழுப்பு வைத்துப் பார்க்கலாமாம். இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் மகளுக்கும் முயன்றிருக்கலாம் என்றார். எது சரியென்று வீட்டில் இன்னும் வாக்குவாதம்.

பம்பலப்பிட்டி மச்சான்
என் மகனுக்கு 17, உயரம் 163. கம்பியில் தொங்கினால் இந்தத் தட்டு இழுபடுமா? எந்தப் பால்மா நல்லது?

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன்
தட்டு மூடியிருந்தால் தொங்கியும் பயனில்லை, பால்மாவும் வெறும் பால்மாதான். கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்வார்கள். தங்கச்சி, உங்கள் மகனுக்கு 12தானே? ஆண்பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு ஏறக்குறைய 16 வரை வேலை செய்யும். முழுதாக நின்றால் நாலு சென்றிமீற்றர் போகலாம். விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை அம்மா
போய் வந்தோம். கோடு நாலைந்து மில்லிமீற்றர் விலகியிருக்கிறது. உள்பக்கம் தெளிவு, வெளிப்பக்கம் சரிவா இல்லையா என்று டொக்டரே நிச்சயமாகச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன்
அடுத்த முறை படம் எடுக்கும்போது முழங்கால்சில் நேரே மேலே பார்க்கிறதா என்று கவனியுங்கள். கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நேரான கோடு சரிவாகத் தெரியும். பழைய படத்தையும் கொண்டு போங்கள்.