பாதி மீந்த டை டியூப்: நரையில் நிறம் ஏன் பிடிக்கவில்லை?

வேர்நரை
ஏழு மாதங்களுக்கு முன் பாதி பிழிந்து மூடி வைத்த அடர்பழுப்பு டியூபைச் சென்ற வாரம் அக்காவுக்குப் போட்டுவிட்டேன். அதே எண், அதே 35 நிமிடம். ஆனாலும் நெற்றியோர நரை வெளிறிய காப்பி நிறத்தோடு நின்றுவிட்டது. மூடியைத் திறந்தபோதே டியூபின் வாயில் கறுப்பு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெண்மையாக வர வேண்டிய கிரீம் முதல் விரற்கடை அளவுக்குப் பழுப்பாக வந்தது. வழக்கமாக மூக்கில் ஏறும் நெடியும் இல்லை. பார்த்த பிறகும் கலந்தேனே என்பதுதான் உறுத்துகிறது.

மாடிவீடு
டியூபைக் குறை சொல்லாதீர்கள், குற்றவாளி டெவலப்பர்தான். திறந்து வைத்த பாட்டிலில் பெராக்சைடு வீரியம் இழந்துவிடும். எனக்கும் ஒருமுறை அப்படித்தான் நிறம் பிடிக்கவில்லை. இறுக மூடிய அலுமினிய டியூபுக்குள் காற்று புகாது. இனி டெவலப்பரைச் சிறிய பாட்டிலாக வாங்குங்கள், வெயில் படாத அலமாரியில் வையுங்கள், வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள், தேவையானதை மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள், மீந்ததைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள்.

கிரீம்பிரிவு
டை கிரீம் தயாரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். டெவலப்பரைப் பற்றி நண்பர் சொன்னது சரி, டியூபைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அழுத்திய அலுமினியம் மீண்டும் உப்பாது என்பதால் காற்றை அதிகம் உள்ளே இழுக்காது. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாயிலிருக்கும் கிரீமைக் காற்று தொடுகிறது, மரையில் கிரீம் காய்ந்துவிட்டால் மூடியும் முழுதாக இறுகாது. கிரீமில் இருப்பது முடிந்த நிறமன்று. பிபிடி போன்ற நிறமற்ற சிறு மூலக்கூறுகள். அவை முடிக்குள் நுழைந்த பிறகு பெராக்சைடால் ஆக்சிஜனேற்றமடைந்து, ஒன்றோடொன்று இணைந்து, பெரிதாகி, வெளியேற முடியாமல் தங்க வேண்டும். அந்த இணைப்பு டியூபிலேயே நடந்துவிட்டால் பெரிய மூலக்கூறு முடிக்குள் போகாது. மேலே படிந்து, அலசும்போது வடிந்துவிடும். இதைத் தடுக்கவே சோடியம் சல்பைட்டைச் சேர்க்கிறோம். அது தன்னையே ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தீர்ந்துபோகும்; தீர்ந்த பிறகுதான் பழுப்பு தெரியத் தொடங்கும். நெடி குறைந்ததென்றால் அம்மோனியாவும் போய்விட்டது. முடியின் செதில்கள் போதுமான அளவு திறந்திருக்காது.

மருதோன்றி
எங்கள் வீட்டு மருதாணிப் பொடியும் இரண்டு வருடத்தில் பச்சை மங்கிப் பழுப்பாகிவிட்டது, நிறமும் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்கும் சல்பைட் சேர்க்கலாமா?

கிரீம்பிரிவு
வேண்டாம், அதன் வேதியியல் வேறு.

வேர்நரை
டெவலப்பர் அன்று காலையில்தான் உடைத்த புதுப் பாட்டில். பழுப்பான பகுதியைப் பிழிந்து எறிந்துவிட்டு, உள்ளே வெள்ளையாக இருப்பதைப் பயன்படுத்தலாமா?

மாடிவீடு
தாராளமாக. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், நிறம் பிடித்திருக்கிறது.

கிரீம்பிரிவு
உங்களுக்குப் பிடித்திருக்கலாம். வெள்ளை நிறம், பழுப்பு இன்னும் தொடங்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். சல்பைட்டும் அம்மோனியாவும் எவ்வளவு மீந்திருக்கின்றன என்பதைக் காட்டாது. உதிர்ந்த நரைமுடி நாலைந்தை நூலால் கட்டி, கலவையில் 35 நிமிடம் வைத்து அலசிப் பாருங்கள். நிறம் பிடித்தாலும் நான் அதை அக்காவின் தலையில் போட மாட்டேன். பாதி ஆக்சிஜனேற்றமடைந்த பிபிடி ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது.