கிராம்பு விற்பனைப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள், கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். மார்த்தாண்டத்தில் மசாலா சரக்குக் கடை. ஆன்லைனில் விற்ற ‘கன்னியாகுமரி கிராம்பு’ பக்கத்தை “போலி என்று சந்தேகம்” என்ற ஒரே வரியோடு எடுத்துவிட்டார்கள். 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெயர் என்பதால் சோதிக்கிறார்கள், அது சரிதான். ஆனால் என் சரக்கு மாறாமலைத் தோட்டத்துக் கிராம்பு. மேல்முறையீட்டுக்கு எழுதியது இது:

“ஐயா, நீக்கப்பட்ட பொருள் அசல். தோட்டக்காரர் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர். அவருடைய சான்றிதழ் நகலை இணைத்துள்ளேன். பக்கம் தொடங்கும் முன்பே அவரிடம் வாங்கிய பில்லும் உண்டு. பில்லில் உள்ள லாட் எண்ணே பாக்கெட் லேபிளிலும் ஆய்வக அறிக்கையிலும் இருக்கிறது. மூன்றின் படங்களிலும் அதை வட்டமிட்டுள்ளேன். எண்ணெய் எடுத்த சக்கை அல்ல என்பதை அறிக்கையின் எண்ணெய் அளவு காட்டும். எந்த ஆவணம் போதவில்லை என்று குறிப்பிட்டால் அனுப்புகிறேன். பக்கத்தைத் திரும்பச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு அடியில் போகும், சக்கை மிதக்கும். அந்த வீடியோவும் இருக்கிறது. ஆனால் அது எந்த ஊர் கிராம்பு என்று சொல்லாதே, அதனால் சேர்க்கவில்லை.

என் சிக்கல் பில்தான். அது என் பெயரில், விற்பனைக் கணக்கு கடைப் பெயரில். இரண்டு பெயரும் உள்ள ஜிஎஸ்டி சான்றிதழ் வைத்தால் போதுமா? தோட்டக்காரரிடம், “இவருக்கு நான்தான் சரக்கு கொடுக்கிறேன்” என்று கையெழுத்தோடு கடிதமும் வாங்க வேண்டுமா? இப்படி அப்பீல் போட்டு ஜெயித்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம்தான் அனுப்பப் போகிறேன்.