18ஆவது லெவலில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்: எதிரியின் ஹெல்த், டேமேஜ் எண்களை விரிதாளில் சீர்செய்த அனுபவங்கள்

இரவுநிரலர்:

மாற்றி மாற்றி அடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த, 20 லெவல்கள் கொண்ட ஒரு சிறிய ஆட்டத்தின் எண்களைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. 15ஆவது லெவல் வரை ஆடிப் பார்த்தவர்கள் எவரும் குறை சொல்லவில்லை. 17இல் முணுமுணுப்பு தொடங்கியது. 18ஐத் தாண்டியவர்களோ மிகச் சிலர்தாம். அந்த லெவலில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதால், பிழை நிரலில் இருக்கிறதா என்றுதான் குழுவினர் முதலில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எண்கள் பார்வைக்குச் சாதுவானவை. எதிரியின் ஹெல்த் 30இல் தொடங்கி லெவலுக்கு 15 சதவீதம் கூடுகிறது. அதன் அடி 5இல் தொடங்கி 12 சதவீதம் கூடுகிறது. ஆட்டக்காரரின் அடி 10இல் தொடங்கி லெவலுக்கு 2 புள்ளியும், ஹெல்த் 100இல் தொடங்கி லெவலுக்கு 10 புள்ளியும் ஏறுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எதிரிதான் முதலில் அடிக்கும். இவற்றை அப்படியே விரிதாளில் ஏற்றி, லெவலுக்கு ஒரு வரிசை வீதம் கீழே இழுத்தேன்.

```
B2: =30*1.15^(A2-1)
C2: =10+2*(A2-1)
D2: =5*1.12^(A2-1)
E2: =100+10*(A2-1)
F2: =ROUNDUP(B2/C2,0)
G2: =F2*D2/E2
```

A என்பது லெவல், B எதிரியின் ஹெல்த், C ஆட்டக்காரரின் அடி, D எதிரியின் அடி, E ஆட்டக்காரரின் ஹெல்த். F என்பது எதிரியைச் சாய்க்கத் தேவையான அடிகள். G என்பது ஒரு சண்டையில் ஆட்டக்காரர் இழக்கும் ஹெல்த்தின் பங்கு. முதல் லெவலில் 3 அடிகள், 15 சதவீத இழப்பு. 10ஆவது லெவலில் 4 அடிகள், 29 சதவீத இழப்பு. இதுவரை நியாயம்தான். 20ஆவது லெவலில் 9 அடிகள் தேவைப்படுகின்றன, இழப்போ 134 சதவீதம். அதாவது, ஒரே ஓர் எதிரியோடு மோதினாலும் அதைக் கொல்வதற்கு முன்பே ஆட்டக்காரர் செத்துவிடுவார்.

எதிரியைச் சாய்க்கும் அடிகள் மூன்றிலிருந்து ஒன்பதாக, மும்மடங்குதான் ஆகியிருக்கின்றன. ஆட்டக்காரர் தாங்கக்கூடிய அடிகள் இருபதிலிருந்து ஏழாக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைந்திருக்கின்றன. இரண்டு வரைபடங்களையும் தனித்தனியே பார்த்த வடிவமைப்பாளருக்கு எதுவும் உறுத்தியிருக்காது. ஆனால் சண்டை நீள நீள எதிரிக்கும் அடிக்கக் கூடுதல் வாய்ப்பு கிடைப்பதால், இரண்டு மும்மடங்குகளும் ஒன்றையொன்று பெருக்கி ஒன்பது மடங்காகிவிடுகின்றன. G என்ற ஒரு நெடுவரிசை இல்லாதவரை இந்தப் பெருக்கல் யார் கண்ணிலும் படாது.

இதுபோன்ற சுவரில் முட்டிக்கொண்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் எனக்கும் உதவும்.

கோபுரக்காவலன்:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் அனுபவம். 1.15 என்பதை 1.10 ஆக்கிவிடுங்கள். எங்கள் ஆட்டத்தில் அதைத்தான் செய்தோம். கடைசி லெவல்கள் உடனே ஆடக்கூடியவையாகிவிட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எளிதாக்கிக்கொண்டே போனால் ஆட்டத்தில் சுவை இருக்காது. முடிவில் கடினமாக இருப்பது குறையல்ல.

அட்டவணைப்பித்தன்:

காவலன் சொல்வது 20 லெவலோடு முடியும் ஆட்டத்திற்குப் பாதி பொருந்தும். இரவுநிரலரின் தாளில் 1.10 போட்டுப் பார்த்தேன். 20ஆவது லெவலில் 4 அடிகள், 59 சதவீத இழப்பு என்று வருகிறது; ஆடலாம். ஆனால் F நெடுவரிசையைக் கவனியுங்கள்: முதல் லெவலிலிருந்து 15ஆவது லெவல் வரை எல்லாவற்றிலும் 3 அடிகள்தாம். எதிரியின் உருவமும் பெயரும் மாறிக்கொண்டே இருக்க, கைக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றுமில்லாமல் ஆட்டத்தின் முக்கால் பகுதி கழிந்துவிடும். நாளை யாராவது 40 லெவலாக நீட்டச் சொன்னால், அங்கே 15 அடிகள் வந்து நிற்கும். ஒரு பக்கம் சதவீதமாகவும் மறுபக்கம் புள்ளியாகவும் ஏறும்வரை, சதவீதத்தைக் குறைப்பது சுவரைத் தள்ளிவைக்குமே தவிர இடிக்காது.

18ஆவது லெவலில் மட்டும் ஏன் அப்படி ஒரு பள்ளம் என்பதற்கு இன்னொரு காரணமும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. 17இல் இழப்பு 83 சதவீதம், 18இல் 102. வளைவு அவ்வளவு செங்குத்தாக ஏறவில்லை. 17இல் 7 அடிகள் போதுமானவையாக இருந்தன. 18இல் எதிரியின் ஹெல்த் 323, ஆட்டக்காரரின் அடி 44 என்பதால் ஏழாவது அடிக்குப் பிறகும் 15 புள்ளி மிஞ்சிவிடுகிறது. அந்த மிச்சத்திற்காக முழு அடி ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது. எதிரிக்கும் முழு அடி ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. F இல் ROUNDUP போடாமல் வெறும் வகுத்தலை வைத்துக்கொண்டு, வரைபடம் வழவழப்பாக இருக்கிறது என்று நிம்மதியடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் தலைகீழாகப் போவேன். எதிரிக்கு எவ்வளவு ஹெல்த் என்று தொடங்காமல், இந்த லெவலில் எத்தனை அடியில் சாக வேண்டும், ஆட்டக்காரருக்கு எவ்வளவு இழப்பு வேண்டும் என்ற இரண்டை மட்டும் கையால் முடிவுசெய்துவிட்டு, எதிரியின் எண்களைத் தாளே கணக்கிடும்படி விட்டுவிடுவேன். அடிகள் 3இலிருந்து 5 வரை, இழப்பு 15இலிருந்து 35 சதவீதம் வரை என்று வைத்துக்கொண்டால் இப்படி வரும்.

```
H2: =ROUND(3+2*(A2-1)/19,0)
I2: =0.15+0.2*(A2-1)/19
J2: =ROUND(C2*(H2-0.1),0)
K2: =ROUND(E2*I2/H2,0)
```

J புதிய ஹெல்த், K புதிய டேமேஜ். அந்த 0.1ஐக் கழிப்பதற்குக் காரணம் உண்டு: எதிரியின் ஹெல்த் சரியாக ஐந்து அடிக்குச் சமமாக இருந்தால், ஆட்டக்காரரின் அடியில் ஒரு புள்ளி குறைந்தாலே ஆறாவது அடி தேவைப்பட்டுவிடும். 10ஆவது லெவலில் பழைய ஹெல்த் 106க்குப் பதில் 109 வரும். அங்கே ஏறக்குறைய எதுவும் மாறாது. 20ஆவது லெவலில்தான் 427 என்பது 235 ஆகும், 43 என்பது 20 ஆகும்.

இரவுநிரலர்:

அப்படியே போட்டுப் பார்த்தேன். ஒரு விசித்திரம் இருக்கிறது. 15ஆவது லெவலில் எதிரியின் டேமேஜ் 18. 16இல் அது 15 ஆக இறங்கிவிடுகிறது. ஹெல்த் மட்டும் 148இலிருந்து 196க்குத் தாவுகிறது. 5க்கும் 6க்கும் இடையிலும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது.

அட்டவணைப்பித்தன்:

ஆம், அடிகளின் எண்ணிக்கை 4இலிருந்து 5ஆகும் இடம் அது. சண்டை நீள்வதால், மொத்த இழப்பைக் கட்டுக்குள் வைக்க ஒவ்வோர் அடியும் மெலிய வேண்டியிருக்கிறது. இதை மறைக்க முயல வேண்டாம். அந்த இரண்டு லெவல்களிலும் தடித்த, லேசாக அடிக்கும் புதிய எதிரி ஒன்றை அறிமுகப்படுத்திவிட்டால், எண்ணின் தடுமாற்றம் ஆட்டக்காரருக்குப் புதுமையாகத் தெரியும். பழைய எதிரியே வலுக்குறைந்து வந்தால்தான் உறுத்தும்.

மூன்றாம்படை:

நான் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்டத்தில் எதிரியின் எண்கள் கடைசிவரை மாறவே மாறாது. ஆனாலும் இதே சுவர் வந்தது. முதல் லெவலில் ஓர் எதிரி வரும், நடுவில் மூன்று, கடைசியில் நான்கு. நான்கு எதிரிகள் என்றால் நான்கு மடங்கு கடினம் என்பதுதான் எங்கள் கணக்கு. அதற்கேற்ப ஆட்டக்காரரின் ஹெல்த்தை நான்கு மடங்காக்கியும் மக்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். தாளில் எந்த இடத்தைத் திருத்துவது?

அட்டவணைப்பித்தன்:

கேள்வி வேறாக இருந்தாலும் நோய் ஒன்றுதான். எல்லா எதிரிகளும் ஒரே நேரத்தில் அடிக்க, ஆட்டக்காரர் ஒவ்வொன்றாகத்தான் சாய்க்கிறார். முதலாவது சாகும்வரை நான்கும் அடிக்கின்றன, அடுத்தது சாகும்வரை மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஆக, இழப்பு பத்து மடங்கு; மூன்று எதிரிகள் என்றால் ஆறு மடங்கு. இரவுநிரலரின் முதல் லெவல் எதிரியே மூன்றாகச் சேர்ந்து வந்தால் 15 சதவீதம் 90 ஆகிவிடும். எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை வைத்து, `=N2*(N2+1)/2` என்ற எண்ணால் இலக்கு இழப்பை வகுத்துவிட்டு, அதற்கேற்ப ஓர் எதிரியின் டேமேஜை முடிவுசெய்யுங்கள். பலரை ஒருசேர அடிக்கும் ஆயுதம் உங்கள் ஆட்டத்தில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதைத் தனியாகத்தான் போட வேண்டும்.

கவசதாரி:

எங்களுக்கு வந்த தொல்லை கவசத்தால். அடியிலிருந்து கவசத்தை நேராகக் கழித்துக்கொண்டிருந்தோம். அடி 48, கவசம் 36, மிச்சம் 12 என்று தாளில் எல்லாம் அழகாக இருந்தது. கடைசி வாள் மேம்பாட்டை வாங்காமல் வந்தவரின் அடி 44; அவருக்கு மிச்சம் 8. ஹெல்த் 240 உள்ள எதிரியைச் சாய்க்க முன்னவருக்கு 20 அடிகள், பின்னவருக்கு 30. நான்கு புள்ளி வேறுபாட்டிற்கு ஒன்றரை மடங்கு நீளமான சண்டை! கழித்தலை விட்டுவிட்டு, கவசத்தை P நெடுவரிசையில் வைத்து, அடியை `=C2*100/(100+P2)` என்று மாற்றியபின் இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 8 சதவீதமாகச் சுருங்கியது. கழித்தல் முறையை வைத்துக்கொண்டு வளைவை மட்டும் திருத்துவதில் பயனில்லை என்பது என் கருத்து.

சோதனையாளி:

கவசதாரி தொட்ட இடத்தைத்தான் நானும் கேட்க நினைத்தேன். C, E இரண்டு நெடுவரிசைகளும், ஆட்டக்காரர் எல்லா மேம்பாடுகளையும் வாங்கியிருப்பார் என்று கருதிக்கொள்கின்றன. சோதனைக்கு உட்காருபவர்கள் அப்படி ஆடுவதில்லை. காசைப் பெட்டிகளில் செலவழிக்கிறார்கள், பக்கச் சண்டைகளைத் தவிர்த்துவிட்டு நேராகக் கதையைத் தொடர்கிறார்கள். நான்கு லெவல் பின்தங்கிய ஒருவரை 20ஆவது லெவலில் நிறுத்திப் பார்த்தீர்களா?

இரவுநிரலர்:

இப்போது பார்த்தேன். அவருடைய அடி 40, ஹெல்த் 250. பழைய எண்களில் 11 அடிகள், 189 சதவீத இழப்பு. புதிய எண்களில் 6 அடிகள், 48 சதவீதம். நெருக்கடிதான், ஆனால் கடந்துவிடலாம். இனி ஒவ்வொரு லெவலுக்கும் பின்தங்கியவருக்கென்று இரண்டாவது G நெடுவரிசை ஒன்றை வைத்து, அது 60 சதவீதத்தைத் தாண்டினால் சிவப்பாகக் காட்டும்படி செய்துவிட்டேன்.

கோபுரக்காவலன்:

எல்லாம் சரி, இந்தக் கணக்கு முழுவதும் அடி தவறாத ஆட்டத்திற்குத்தான். எங்களுடையதில் ஆட்டக்காரர் உருண்டு தப்பலாம். நான் ஆடினால் பத்தில் எட்டு அடிகளைத் தவிர்த்துவிடுவேன். புதிதாக வருபவர் இரண்டைத் தவிர்த்தாலே பெரிது. ஒரே தாள் எனக்கு 20 சதவீத இழப்பையும் அவருக்கு 80 சதவீதத்தையும் காட்டும். எதை வைத்துச் சீர்செய்வது?

அட்டவணைப்பித்தன்:

K நெடுவரிசையை, தவிர்க்காமல் படும் அடிகளின் விகிதத்தால் வகுக்கலாம். எந்த விகிதத்தை வைப்பது என்பதில்தான் எங்கள் குழுவிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை. நடுத்தர ஆட்டக்காரரை வைத்தால் புதியவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள். புதியவரை வைத்தால் கைதேர்ந்தவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். ஆட்டத்தைக் கட்டியவர்களின் விகிதத்தை மட்டும் வைக்கக் கூடாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு.

சோதனையாளி:

ஒவ்வொரு லெவலிலும் எதிரி வீசிய அடிகள் எத்தனை, பட்டவை எத்தனை என்ற இரண்டு எண்களைச் சோதனையின்போது பதிவுசெய்து கொடுங்கள். முதல்முறை ஆடுபவர்களுடையதை மட்டும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். 6ஆவது லெவலிலும் 16ஆவது லெவலிலும் அது எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.